பார்த்த பிறகும் ஓங்கிய கை

பலவேசத்துக்கு நாற்பத்தொரு வயதில் ஞானம் வந்தது. கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே வந்தது. பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். ஒரு நாள் மதியம் அவன் கையிலிருந்து ஒரு ஸ்பானர் நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. ணங்கென்று ஒரு சத்தம். சத்தம் மட்டும்தான் இருந்தது, அதைக் கேட்கிற பலவேசம் இல்லை. அரை நிமிடம் இருக்குமாம். பிறகு சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் ஞாயிறுதோறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஜென் தியானம் செய்கிற ஏழெட்டுப் பேர் நாங்கள். அவனை அங்கே கூட்டிவந்தது நான்தான். பொண்டாட்டியை அடிக்கிற ஆள் அவன். முத்துராணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஏரலில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அடிக்க வைக்கிற அந்தக் கோபத்தைத் தொலைக்கத்தான் அவன் மூன்று வருடம் உட்கார்ந்தான்.

மாதம் ஒருமுறை வருகிற எங்கள் ஆசிரியை அவனைத் தனியே அழைத்து நாலைந்து கேள்வி கேட்டார். வெளியே வந்து, "அவர் பார்த்தது நிஜம். இனிமேல்தான் நன்றாக உட்கார வேண்டும்" என்றார். முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் ஏறியது.

ஏனென்றால் நான் தெற்குப் பள்ளிக்காரன். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் சீனத்தில் ஜென் துறவிகள், விழிப்பு சட்டென்று வருமா மெல்ல மெல்ல வருமா என்று இரண்டு பள்ளிகளாகப் பிரிந்து முட்டிக்கொண்டார்கள். வடக்குப் பள்ளி மனதைத் தினமும் துடைக்கச் சொல்லி ஆளை ஏய்க்கிறது என்று தெற்குப் பள்ளி குற்றம் சாட்டியது. விழிப்பு ஒரே வீச்சில் வரும், பாதி விழிப்பு என்று ஒன்று கிடையாது என்றது. திபெத்தில் அரசன் முன்னாலேயே வாதம் நடந்ததாம். எண்ணத்தை விட்டால் போதும் என்றார் சீனத் துறவி. கருணையும் ஒழுக்கமும் படிப்படியாகப் பழகாமல் ஆகாது என்றார் இந்தியத் துறவி. இந்தியர் ஜெயித்தார் என்கிறார்கள் திபெத்தியர்கள். நான் ஒப்புக்கொண்டதில்லை.

எங்களில் தையல்காரர் பாவா மட்டும் என்னோடு மல்லுக்கு நிற்பார்.

"ரெண்டையும் சேத்துச் சொன்னவங்க ஜென்லயே இருக்காங்க வே. பனிக்கட்டியும் தண்ணிதான்னு ஒரு நொடியில தெரிஞ்சிரும். தெரிஞ்சதும் உருகிருமா? வெயில்ல கெடக்கணும்லா. எங்க சூஃபிமார்லயும் உண்டு. அல்லாஹ் சட்டுனு இழுத்துக்கிட்டவரு பெரிய ஆளுதான். ஆனா பாதைய நடந்து கடக்காம அவரு அடுத்தவனுக்கு வழிகாட்ட முடியாது."

"தொடைக்க மிச்சம் இருந்தா அது விழிப்பே இல்ல பாவா. கொரியாவுல இன்னிக்கும் ஒரு கூட்டம் இதத்தான் சொல்லுது" என்றேன். நன்றாகத்தான் பேசினேன். என் ஞானமெல்லாம் வாயில்தான்.

அந்த வாயோடு ஏரலுக்குப் பஸ் ஏறினேன்.

"அவரு திருந்திட்டாரா அண்ணாச்சி?" என்று கேட்டாள் முத்துராணி.

"திருந்துததெல்லாம் பழைய பேச்சும்மா. கோவப்படுத ஆளே உள்ள இல்ல. இனி அவன் கை ஓங்குனா நான் பொறுப்பு."

அவள் உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். அவனை நம்பி அல்ல, என்னை நம்பித்தான் அவள் வந்தாள்.

எட்டு மாதம் வீட்டில் சத்தமே இல்லை. பலவேசம் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டான். "வந்து சேந்த எடத்துக்கு இன்னும் எதுக்கு அண்ணாச்சி நடக்கணும்?" என்றான். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.

ஒன்பதாம் மாதம், ஏதோ வேலைக்கு அளவு குறித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து முத்துராணி அடுப்பைத் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அறைந்த அறையில் இடது காதின் ஜவ்வு கிழிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு பலவேசம் அழுதான். "கை ஓங்குததும் தெரிஞ்சுது அண்ணாச்சி. அடிக்கதுக்கு உள்ள ஒருத்தனும் இல்லன்னும் தெரிஞ்சுது. ஆனாலும் கை போயிட்டு."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உடைத்துப்போட்டது. பாவா பக்கத்தில் நின்றார், எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முத்துராணி மகளோடு அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்டாள். இரண்டு மாதம் கழித்து நான் மறுபடியும் ஏரலுக்குப் போனேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் வலது காதை என் பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கு அவரு பாத்தது பொய்யா அண்ணாச்சி?"

"பொய்யில்லம்மா. பாக்குதது சட்டுனு நடந்துரும். பழக்கம் பையத்தான் போகும். அது எனக்குத்தான் புத்தியில ஏறல. இப்ப தெனமும் காலையில ரெண்டு மணி நேரம் உக்காருதான். பைய மாறிருவான்."

"மாறட்டும்" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "அவரு மாறி முடியுத வரைக்கும் அந்தக் கை யாரு மேல விழும் அண்ணாச்சி?"

உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தாள். அம்மாவின் இடப்பக்கம் நிற்கப் போனவள், தானாகவே சுற்றி வலப்பக்கம் வந்து நின்று, பசிக்கிறது என்றாள்.