கையைத் தூக்கிய கழுத்து

குடவாசல் நகைக்கடையில் கழுத்து நகைப் பக்கம் என்னுடையது. காலையிலிருந்து நின்ற கால்கள் மாலையில் என் கால்களாகவே இருப்பதில்லை. அன்று அப்படியொரு மாலையில், மகனின் நிக்காஹ்வுக்கு மருமகளுக்கு நெக்லஸ் எடுக்க ஓர் அம்மா வந்தார். பெண் கடைக்கு வரவில்லை. போட்டோ வந்திருந்தது. முகத்தை வெட்டிவிட்டு, தாடைக்குக் கீழே கழுத்தும் காரை எலும்பும் மட்டும்.

அவர் கை முதலிலேயே பதினாறு இஞ்சில் கழுத்தை ஒட்டிய ஒன்றின் மேல் போனது.

"வேணாங்கக்கா. பொண்ணுக்குக் குட்டைக் கழுத்து. இதப் போட்டா இன்னும் அமுங்கித் தெரியும். இருபது இஞ்ச், நடுவுல கூரா இறங்குற மாதிரி எடுங்க."

தட்டு தட்டாகத் திறந்தேன். இருபது இஞ்சில் ஒன்றை அவர் அரைமனதாகப் பிடித்துக்கொண்டபோதுதான் போட்டோவின் ஓரம் கண்ணில் பட்டது. ஒரு முழங்கை. பெண் கூந்தலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கை மேலே போனால் தோள் ஏறும், காரை எலும்பும் கூட ஏறும். எந்தக் கழுத்தும் குட்டைதான் அப்போது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அலுப்பு அப்படித்தான் சொன்னது. ஆனால் சபையில் பெண்கள் வந்து பார்க்கும்போது, மாப்பிள்ளை வீட்டு நகை கழுத்தேறிய நிக்காஹ் சட்டைக்குள்ளே போய் ஒளிந்துகொண்டால்?

"அக்கா, கையத் தொங்கவிட்டு இன்னொரு போட்டோ வேணும். கழுத்தைச் சுத்தி டேப்பும் வச்சு."

"ரெண்டாவது தடவ கேட்டா அவங்க வீட்டுல என்ன நெனப்பாங்க? பொண்ணு கழுத்துல குத்தம் பாக்குறோம்னு நெனக்க மாட்டாங்களா?"

"அவங்க அம்மாகிட்ட கேக்க வேணாம். பொண்ணுகிட்டயே கேளுங்க."

வெகுநேரம் யோசித்துத்தான் அனுப்பினார். இரண்டே நிமிடத்தில் போட்டோ வந்தது, கூடவே குரலும்: "மாமி, நான் மொதல்ல இப்படித்தான் எடுத்தேன். அம்மாதான் முடி மறைக்குதுன்னு தூக்கிப் பிடிக்கச் சொன்னாங்க."

நீளமான கழுத்து. சுற்றளவு பதின்மூன்று இஞ்ச். தோள் இறங்கியதும் காரை எலும்பு தன் இடத்தில் படுத்திருந்தது. பதினாறு அதன் மேல் சரியாக உட்காரும். இருபது கண்டிப்பாகச் சட்டைக்குள் போயிருக்கும்.

"நான் தப்பாப் பாத்துட்டேங்கக்கா. நீங்க மொதல்ல எடுத்ததுதான் சரி."

"ஒரு மணி நேரமா எம் மண்டைய உருட்டிட்டு இப்பச் சொல்ற பாரு!" என்றார். கோபமில்லை, அவருக்கும் கால் வலித்திருக்கும்.

பதினாறின் படத்தைப் பெண்ணுக்கு அனுப்பினார். பிடிச்சிருக்கு என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி: நீங்கதானே மாமி மாட்டிவிடுவீங்க?

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். நெக்லஸின் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அத்தன பேரு பாக்க மாட்டணும். எங் கை நடுங்கும் தங்கச்சி. இது எப்புடின்னு காட்டேன்."

திரும்பி நின்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன். வியர்த்த கழுத்தில் தங்கம் சில்லென்றிருந்தது. மூன்று முறை வழுக்கியது. நான்காவதில் மாட்டிற்று.

"இன்னொரு தடவ," என்றார்.

நின்றேன்.