லோடு பிந்தும் என்று இருந்தவள்

எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலுத்தாய்க்கு, அவ்வேலையை விட்டு வீட்டிலிருந்தே துணி தைக்க வேண்டும் என்று ஆசை. தீபாவளி போனஸ் முழுவதையும் செலுத்தி, இணையக் கடையொன்றில் தையல் இயந்திரம் வாங்கப் பதிந்திருந்தாள். ஒரு மாதமாகியும் இயந்திரம் வரவில்லை. அது போலிக் கடை.

சாத்தூர்க் கணினி மையத்தில் வேலை பார்க்கும் பொன்மணி, அவளுக்காக சைபர் குற்றப் புகார்த் தளத்தில் கடையின் இணைய முகவரியையும் பணம் சென்ற நாளையும் பரிவர்த்தனை எண்ணையும் பதிந்தாள்.

“ஒரு மாசமா என்னக்கா செஞ்சீக? அன்னைக்கே சைபர் போலீஸ் உதவி எண் 1930-க்குப் போன் போட்டிருந்தா பணத்த முடக்கப் பாத்திருப்பாகல்ல?”

“தீபாவளி நேரத்துல நம்ம கம்பெனி லோடே பிந்தித்தான தாயி போவுது? மிசினும் அப்படித்தான் பிந்துதுன்னு இருந்துட்டேன்.”

புகார் எண் வந்தது. பணம் வருமா என்று பொன்மணியால் சொல்ல இயலவில்லை. மறுநாள் காலையில், விட நினைத்த வேலைக்கே வேலுத்தாய் வேன் ஏறினாள்.