சரிபார்க்கப்படாத இரண்டு வருடங்கள்

ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போதுதான் அலுவலகத்தில் எனக்காக ஒரு கடிதம் எழுதினேன். அதுவரை ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். புனேயில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவு. யாருக்கு இன்கிரிமென்ட், யாருக்கு லீவு, யாரை எப்போது மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்பதெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். முப்பது வருடத்துக்கு மேலாக இந்தத் திருப்பணி.

கடிதம் கணக்கு அலுவலகத்துக்கு. என் பணிக்காலத்தில் எவ்வளவு ஓய்வூதியத்துக்குச் சேரும், ஓய்வூதியமும் பணிக்கொடையும் எந்தச் சம்பளத்தை வைத்து எப்படிப் போடப்படும் என்று எழுத்துமூலம் தெரிவிக்கவும். என் சர்வீஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்து, குறை ஏதும் இருந்தால் இப்போதே சொல்லவும். அவ்வளவுதான் கேட்டேன். வானத்தை வில்லாய் வளைக்கச் சொல்லவில்லை.

"லெட்டர் எதுக்கு? கடைசிச் சம்பளத்துல பாதி பென்ஷன். இதுக்கு ஒரு கணக்கு அலுவலகம் வேணுமா?" என்றார் வீட்டுக்காரர். அவர் தனியார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவர் கம்பெனியில் ஒரு கவரையும் ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து ஒரே மதியத்தில் முடித்துவிட்டார்கள். கடிகாரம் விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

"வாயால சொல்றதெல்லாம் கணக்காங்க? நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். 'வந்துடும் வந்துடும்'னு சொல்லியே ஒரு வருஷம் இழுத்தடிப்பாங்க" என்றேன்.

எங்கள் அலுவலகத்துக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் கணக்கு அலுவலகம். ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தால் கேட்கும். ஆனால் கடிதம் முறையான வழியில்தான் போகவேண்டும். அதாவது நான் கையெழுத்திட்டு மேலதிகாரிக்குக் கொடுக்க, அவர் 'நிர்வாகப் பிரிவு' என்று ஓரத்தில் எழுத, மறுநாள் அது என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. என் கடிதத்தை நானே படித்து, நானே குறிப்பெழுதி, நானே அனுப்பலாமா? கூடாது. தன் விஷயத்தைத் தானே கையாளக் கூடாது என்பது எங்கள் பிரிவின் வேதம். பக்கத்து மேஜையில் இருக்கும் மராத்திக்காரத் தோழியிடம் தள்ளினேன்.

"அஹோ தாயி, நீங்களே அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்றாள் இந்தியில். அவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு, மராத்தியில் அக்கா என்று பொருள்படும் 'தாயி' போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"எனக்குத் தெரியுமே" என்றேன். இந்த நேர்மைதான் என் காலை வாரப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கணக்கு போட்ட தாள் எதுவும் கூட இல்லை. இரண்டே பத்தி. தங்கள் சர்வீஸ் புத்தகம் பரிசீலிக்கப்பட்டது. அதில் இரண்டு வருட காலத்துக்குப் பணி சரிபார்ப்புப் பதிவு காணப்படவில்லை. எனவே கேட்ட கணக்கைத் தற்போது தர இயலாது. நான் லீவே எடுக்காத குறையாக வந்த அலுவலகத்தில் இரண்டு வருடம் நான் இருந்ததாகத் தெரியவில்லையாம். எந்த இரண்டு வருடம் என்று பார்த்ததும் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது.

இதை விளக்கியாகவேண்டும். அரசு ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு சர்வீஸ் புத்தகம். வருடம் முடிந்ததும் அந்த வருடச் சம்பளப் பில்லோடு ஒப்பிட்டு 'பணி சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு முத்திரை குத்தி, ஓரத்தில் குமாஸ்தா சுருக்கொப்பம் போட்டு, அதிகாரி கையெழுத்திடவேண்டும். அந்த இரண்டு வருடம் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான். கூட இருந்தவர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வருவார் வருவார் என்றார்கள். வந்தது புது ஊதியக் குழுவின் உத்தரவுதான். அலுவலகம் முழுவதற்கும் சம்பளத்தைத் திருத்திப் போட்டது நான். எல்லோர் புத்தகத்திலும் முத்திரை குத்தியதும் நான். என் புத்தகத்தை மட்டும் தொடவில்லை. தன் புத்தகத்தைத் தானே சரிபார்க்கக் கூடாதே. ஆள் வந்ததும் குத்துவார் என்று பீரோவில் தனியே எடுத்துவைத்தேன். ஆள் வந்தபோது அந்த வருடத்திலிருந்து குத்த ஆரம்பித்தார். பழையதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினெட்டு வருடம் முடிந்ததும் மொத்தப் பணியையும் சரிபார்த்து ஒரு சான்றிதழ் தரவேண்டும். என் பதினெட்டாவது வருடம், எவ்வளவு பொருத்தம், அந்த இரண்டுக்குள்ளேயே வந்தது, தர ஆளில்லை. ஓய்வுக்கு ஐந்து வருடம் முன்பு இன்னொரு தடவை பார்க்கவேண்டும். அப்போது கொரோனா, அலுவலகமே பூட்டிக்கிடந்தது. சரி, பழைய சம்பளப் பில்லைப் பார்க்கலாமே என்றால், அவை கீழ்த்தள ரெக்கார்டு அறையில் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் புகுந்து எல்லாம் கூழாகிவிட்டது. அந்தப் பில்களைக் கழித்துக்கட்டலாம் என்ற உத்தரவைத் தட்டச்சு செய்த கை யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.

சாலையைத் தாண்டிப் போனேன். அங்கே ஓய்வூதியப் பிரிவின் அதிகாரி கோயம்புத்தூர்க்காரர், புனேக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்து, கதவைச் சாத்திவிட்டு டீ வரவழைத்தார்.

"இதுக்குப் போய் ஏனுங்க மேடம் இத்தன வருத்தம்? உங்களுக்கு முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல சர்வீஸ் இருக்குதுங்க. முப்பத்தி மூணு வருசத்தோட பணிக்கொடைக் கணக்கு நின்னுபோயிரும். பென்சன் எப்படியும் பாதிச் சம்பளம். அந்த ரெண்டு வருசத்தக் கணக்குல சேக்காம உட்டாலும் ஒரு பைசா குறையாதுங்க. சேக்க வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க, ரிட்டையர் ஆற அன்னைக்கே ஆர்டர் கையில. இல்லீன்னா இது இழுத்துக்கிட்டே கெடக்கும், தற்காலிகப் பென்சன்தான் வரும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. விதிப்படி ஒரு பிழை சொல்லமுடியாது. நல்ல மனுஷர் வேறு, பிஸ்கட்டையும் நகர்த்தி வைத்தார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த இரண்டு வருடத்தில்தான் திருச்சியில் அம்மா படுத்தாள். லீவு கேட்டேன். சம்பளத் திருத்தம் முடியட்டும், நீங்கள் போனால் இங்கே யார் இருக்கிறார்கள் என்றார் அப்போதைய அதிகாரி. அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டேன். எல்லோருடைய நிலுவைத் தொகையும் போட்டு முடிப்பதற்குள் அம்மா போய்விட்டாள். தற்செயல் விடுப்பில் ரயிலேறி, காரியம் முடிந்த கையோடு திரும்பிவிட்டேன். தற்செயல் விடுப்பு சர்வீஸ் புத்தகத்தில் ஏறாது. பெரிய லீவாக எடுத்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பதிவாவது இருந்திருக்கும். வேலைக்கு வந்ததால்தான் நான் இல்லாமல் போனேன்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு பிஸ்கட் கொடுப்பார்.

"எழுதிக் குடுக்க மாட்டேன் சார். இருந்தவளை இல்லைன்னு நானே எப்படி எழுதறது?"

"அதுக்கில்லீங்க மேடம். ஆதாரம்னு ஒன்னு வேணுமல்லங்க?"

அவர் மேஜையோரம் எங்கள் அலுவலகத்திலிருந்து போன சர்வீஸ் புத்தகங்கள் அடுக்கியிருந்தன, என்னோடும் எனக்கு முன்னும் ஓய்வு பெறுகிறவர்களுடையவை. அந்தக் கட்டும் கயிறும் எனக்குத் தெரியாதா? மேலே இருந்ததை எடுத்து அந்த இரண்டு வருடத்துப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். முத்திரை. ஓரத்தில் சுருக்கொப்பம்.

"இது யாருதுங்க?"

"என்னோடது."

அடுத்ததைத் திறந்தேன். அதிலும் நான். அதற்கடுத்ததிலும் நான். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"இவங்க எல்லாரும் வேலைல இருந்தாங்கன்னு நான் சரிபார்த்ததை நீங்க ஒத்துக்கிட்டீங்க. சரிபார்த்த ஆளு அப்ப வேலைல இல்லைன்னா, இந்த முத்திரை எதுவும் செல்லாது. எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க சார். நான் எதிர்லதான் இருக்கேன், முதல்லேருந்து பார்த்துடறேன்."

மனிதர் அந்த அடுக்கை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அத்தனை புத்தகங்களும் திரும்பிப்போய் மறுபடி தன் மேஜைக்கே வருவதை அவர் மனக்கண்ணில் கண்டிருக்கவேண்டும். பிறகு சிரித்துவிட்டார். "வேற வழி ஒன்னு இருக்குதுங்க" என்று அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார்.

இருந்தது. பதிவேடுகளைக் கொண்டு சரிபார்க்க முடியாத காலத்துக்கு, ஊழியரே வெள்ளைத்தாளில், தான் இந்தக் காலத்தில் பணியில் இருந்ததாக எழுதி, உண்மை என்று உறுதி கூறி, கையிலுள்ள ஆதாரத்தை இணைத்துத் தரலாம். அலுவலகத் தலைவர் திருப்திப்பட்டால் அந்தப் பணியை ஏற்கலாம். அரசாங்கத்தின் பெருந்தன்மையை என்ன சொல்ல! இத்தனை முத்திரைகளாலும் ஆகாதது ஒரு வெள்ளைத்தாளில் ஆகுமாம்.

எழுதினேன். ஆதாரமாக என்னுடைய சேமநிதிக் கணக்கின் வருடாந்திரச் சீட்டுகளை இணைத்தேன். அந்த இரண்டு வருடமும் மாதம் தவறாமல் என் சம்பளத்தில் பிடித்தம் செய்ததாக அதில் இருக்கிறது. சீட்டைக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? இதே கணக்குத் துறைதான். இல்லாதவளிடம் பிடித்தம் செய்வதில் அவர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. சாட்சியாகத் தோழியும், அந்தக் காலத்தில் அவள் வேறு பிரிவில் இருந்தவள், ஒரு கையெழுத்துப் போட்டாள். அலுவலகத் தலைவரான எங்கள் அதிகாரி வயதில் சின்னவர். தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "நீங்கள் இருந்ததை நான் நம்புகிறேன் மேடம்" என்று இந்தியில் கனிவோடு சொன்னார். ரொம்ப நன்றி என்றேன்.

ஏற்பு உத்தரவு வந்தது. இனி அந்த இரண்டு வருடத்துக்கும் என் புத்தகத்தில் முத்திரை குத்தவேண்டியதுதான் பாக்கி. தோழி மை அட்டையையும் முத்திரையையும் கொண்டுவந்தாள். அது நான் உபயோகித்த அதே பழைய முத்திரை, இடது ஓரம் தேய்ந்தது. அங்கே கொஞ்சம் அழுத்தினால்தான் முழுதாக விழும். அந்த அழுத்தம் என் கைக்குத்தான் தெரியும் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு.

"இதையாவது நீங்களே குத்துங்கள் தாயி. அதிகாரி உத்தரவே போட்டுவிட்டார், இனி யார் கேட்கப்போகிறார்கள்?" என்று முத்திரையை என் பக்கம் நீட்டினாள்.

கை நீண்டதென்னவோ உண்மை. மடக்கிக்கொண்டேன். "என் புத்தகத்துல நான் குத்தக் கூடாது" என்றேன். அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது.

அவளே குத்தினாள். இரண்டும் கோணலாக, இடது ஓரம் விழாமல், பாதி எழுத்து காணாமல். ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டு, ஊதிக் காயவைத்து, புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். வேறு யாருடைய புத்தகமாக இருந்தாலும் அடித்துவிட்டு மறுபடி குத்தச் சொல்லியிருப்பேன்.

எழுத்துமூலக் கணக்கு அடுத்த மாதம் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் சொன்னபடியே ஒரு பைசா கூடவில்லை. பணிக்காலம் என்ற கட்டத்தில் மட்டும் முழு வருடங்களும் இருந்தன. அதைப் படித்துவிட்டு, அம்மா போனதற்கு அன்றைக்கு அழாத அழுகையை, அலுவலகக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.