கடைசி வரிசைக்கு மூன்று பை

“…அப்போ நாங்க ஒரு கேள்விக்குக்கூட பதில் சொல்லாம ஃபைனல்ல போயி உக்காந்துருவோம், அப்படித்தான சார்?”

ஒன்பதாம் வகுப்பு டி பிரிவுப் பெண் இதைக் கேட்டபோது நான் அலுவலக மேசையில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். அவள் அந்தப் பிரிவின் வினாடி வினா அணித் தலைவி. கேள்விக்கு முன்னால் வேறென்னவோ சொல்லிக்கொண்டுதான் வந்தாள். எனக்குக் காதில் ஏறியது இந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான். ஏறியதும் பாதி திறந்த டப்பாவோடு நிமிர்ந்து பார்த்தேன். ஏனென்றால் அந்தப் போட்டிக்கு அட்டவணை போட்டவன் நான்.

கோவில்பட்டியில் ஓர் உதவிபெறும் பள்ளியில் நான் அலுவலக உதவியாளன். கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பழைய பெட்டி ஒன்றை அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்து, அது சத்தம் போட்டால் விட்டுவிட்டு, போடாவிட்டால் மறுபடி அமுக்கிக் கற்றுக்கொண்டேன். அதனால் பள்ளியில் கட்டம் போட்ட எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். பரீட்சைக்கு யார் எந்த அறையில், சத்துணவுக்கு எந்த வகுப்பு முதலில், எல்லாம் என் கட்டங்கள். சத்துணவு அமைப்பாளர் அக்கா, “அண்ணாச்சி, நீங்க கோடு போட்டாத்தான் இந்தப் பிள்ளைய வரிசையில நிக்குதுவ” என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்துவிட்டார்.

வகுப்புகளுக்கிடையே வினாடி வினா நடத்த வேண்டும் என்று அறிவியல் டீச்சர் வந்து நின்றார். எட்டாம் வகுப்பில் ஏ முதல் ஈ வரை ஐந்து பிரிவு, ஒன்பதில் ஏ முதல் டி வரை நான்கு. ஆக ஒன்பது அணி. தோற்றவர்கள் வெளியே, ஜெயித்தவர்கள் அடுத்த சுற்றுக்கு. கடைசிப் பீரியடில் நடத்திக்கொள்ளலாம், அட்டவணை மட்டும் போட்டுத் தாருங்கள் என்றார். நான் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் எந்தப் பட்டியல் எழுதினாலும் எட்டு ஏ-யில் தொடங்கி ஒன்பது டி-யில் முடியும். அதை மாற்றி எழுதி எனக்குப் பழக்கமில்லை. அந்த வரிசையிலேயே ஒன்பது பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலிருந்து இரண்டிரண்டாகச் சேர்த்தேன். நான்கு ஜோடி ஆயிற்று. அடியில் ஒன்பது டி மட்டும் தனியாக நின்றது. மோதுவதற்கு ஆள் இல்லாத அணியை விளையாடாமலே அடுத்த சுற்றுக்கு ஏற்றிவிட வேண்டும், அதற்கு ‘பை’ என்று பேர், இது எனக்கு உள்ளூர்க் கபடிப் போட்டியில் மைக் பிடித்த பழக்கத்தில் தெரியும். ஒன்பது டி-க்கு நேரே ‘பை’ என்று போட்டு அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினேன். இரண்டாம் சுற்றில் ஜெயித்த நான்கு, பை வாங்கிய ஒன்று, ஐந்து. மறுபடி மேலிருந்து இரண்டிரண்டு. அடியில் ஒன்று மிச்சம். அதற்கு ‘பை’. மூன்றாம் சுற்றில் மூன்று. மறுபடி அடியில் ஒன்று. ‘பை’. நான்காவது கட்டம் ஃபைனல்.

அடியில் ஒவ்வொரு தடவையும் நிற்பது அதே ஆள்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. கட்டங்கள் அவ்வளவு அழகாக வந்திருந்தன.

கணக்கு சாரிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். அவர் பேனாவைக் காதில் செருகியபடி எண்ணினார். ஒன்பது அணியில் ஒருவர் ஜெயிக்க எட்டுப் பேர் தோற்க வேண்டும், ஒரு போட்டிக்கு ஒருவர் தோற்பார், ஆக எட்டுப் போட்டி. நான்கு, இரண்டு, ஒன்று, ஒன்று, கூட்டினால் எட்டு. “கரெக்ட்டா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டார். அவர் எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை. அவர் போட்டிகளை எண்ணினார், போட்டியில் இல்லாதவர்களை எண்ணவில்லை.

முதல் சுற்றன்று ஒன்பது டி-க்குத் திருவிழா. அந்தப் பிரிவில் பாதிப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் கரிசல் புழுதியோடு வந்து இறங்குபவர்கள். எந்தப் பட்டியலிலும் கடைசி என்பதால் புத்தகம் கடைசியாக வாங்கி, போட்டோவுக்குக் கடைசியாக நின்று பழகியவர்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசியில் நின்றதற்கு ஒரு லாபம் கிடைத்திருக்கிறது என்று மேசையைத் தட்டினார்கள். இரண்டாம் சுற்றிலும் பை என்றதும் கடம்பூரிலிருந்து வரும் ஒரு பையன், ஃபைனல் அன்றைக்கு வகுப்புக்கே போளி கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான்.

மற்ற வகுப்புகள் சும்மா இருக்குமா? அரங்கில் டி பிரிவு போய் உட்கார்ந்தால், “ஏலே, போட்டிக்கு வந்தியளா, ஃபேன் காத்து வாங்க வந்தியளா?” என்று ஒன்பது ஏ கேட்டது. அதையெல்லாம் தலைவி பொறுத்துக்கொண்டாள். அவள் பொறுக்காதது வேறொன்று. தண்ணீர்க் குழாயடியில் எட்டு பி-யைச் சேர்ந்த ஒரு வாண்டு, கிண்டலே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில், “அக்கா, ஃபைனல்லயாது வாயத் திறப்பீங்களா?” என்று கேட்டிருக்கிறது.

அந்தப் பெண் பஸ்ஸில் வரும் நேரமெல்லாம் தலைநகரமும் ஆறும் கண்டுபிடிப்பும் மனப்பாடம் செய்தவள். கண்டக்டரே அவளிடம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் சில்லறை கொடுப்பாராம். இவ்வளவும் தலையில் ஏற்றிக்கொண்டு, கோப்பையை வாங்கும்போது ‘சும்மா உட்கார்ந்து வந்தவர்கள்’ என்ற பேரோடு வாங்க அவளுக்கு மனமில்லை. தோற்றாலும் மோதித் தோற்க வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

“சார், எங்களுக்கு அந்த பை வேண்டாம். எங்களுக்கும் ஒரு போட்டி போடுங்க.”

அவள் பின்னாலேயே அணியின் மற்ற இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். ஒருத்தி அவள் பின்னலைப் பிடித்து இழுத்து, “ஏட்டி, கெடச்சத வச்சுக்கிட்டு பேசாம வாட்டி. இவரு போட்ட கட்டம், இவரே சும்மாத்தான இருக்காரு” என்றாள். எனக்கு ஆதரவாகத்தான் சொன்னாள். ஆனாலும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

அப்போது மீதமிருந்தது மூன்று அணி: எட்டு பி, ஒன்பது ஏ, ஒன்பது டி. என் அட்டவணைப்படி முதல் இரண்டும் மறுநாள் மோத வேண்டும், டி நேராக ஃபைனல். தலைமையாசிரியர் அறையில் கூட்டம் கூடியது. கணக்கு சார் அட்டவணையைப் பார்த்தார், அடிவரிசையைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முறையான வழியைச் சொன்னார். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போனால் ஒன்பதுக்கு அடுத்து வருவது பதினாறு. பதினாறுக்கு ஏழு குறைகிறது. ஆகவே முதல் சுற்றிலேயே ஏழு அணிக்கு பை கொடுத்துவிட்டு, இரண்டு அணியை மட்டும் மோதவிட வேண்டும். ஜெயித்தது ஒன்று, பை ஏழு, எட்டாகிவிடும். எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், அப்புறம் எங்கேயும் ஒற்றையாக யாரும் மிஞ்ச மாட்டார்கள். ஒருவருக்கும் இரண்டாவது பை வராது. மொத்தப் போட்டியும் அதே எட்டுத்தான்.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஒருத்தனுக்குக் கொடுத்ததுக்கே ஊரு சிரிக்குது. இவரு ஏழு பேருக்குக் குடுங்கிறாரு” என்றார். அவருக்குப் புரியவைக்க நான்கு தேநீர் ஆயிற்று.

புரிந்தாலும் இப்போது அதைச் செய்ய முடியாது. ஆறு அணி தோற்று வீட்டுக்குப் போய்விட்டது. அவர்களைத் திரும்பக் கூப்பிட்டால் பெற்றோர்கள் வந்துவிடுவார்கள். மூன்று பேர் இருக்கும்போது ஒருவருக்கு பை கொடுத்தே தீர வேண்டும். அதை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் மிச்சம். ஏற்கெனவே வாங்கியவருக்கு இல்லை, இதுவரை வாங்காதவர்களுக்குள் சீட்டுப் போட்டு ஒருவருக்கு என்று முடிவாயிற்று. டி பிரிவு மோதும். எதிரே யார் என்பதைச் சீட்டு சொல்லும்.

ஒன்பது ஏ-வின் வகுப்பாசிரியை மட்டும் முறைத்தார். தன் பிள்ளைகள் இரண்டு சுற்று மண்டையை உடைத்துக்கொண்டு வந்திருக்க, டி பிரிவு ஓய்வெடுத்து வருகிறதே என்பது அவர் வாதம். அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. ஆனால் நியாயம் பேசும் நிலைமையில் நான் இல்லை.

தலைமையாசிரியர் தலைவியைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டார். தோற்றால் ஃபைனல் கிடையாது, தெரியுமில்லையா? அவள், தெரியும் சார் என்று தலையாட்டினாள். பின்னலை இழுத்தவள் கதவோரம் நின்று, “போளி போச்சு” என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

சத்துணவு அக்கா சீட்டு எடுத்தார். பை எட்டு பி-க்குப் போனது. அந்த வாண்டுகளுக்கு அதைவிடப் பெரிய செய்தி அக்காமார்கள் வாயைத் திறக்கப் போகிறார்கள் என்பதுதான். முன்வரிசையில் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். டி பிரிவுக்கு எதிரே ஒன்பது ஏ.

பத்துக் கேள்வி, மணியடித்தவருக்கு முதல் வாய்ப்பு. முதல் கேள்வியை அறிவியல் டீச்சர் “எந்த…” என்று தொடங்கியதுமே டி பிரிவுத் தலைவி மணியை அடித்துவிட்டாள். ‘எந்த’வுக்கு என்ன பதில் சொல்வது? அரங்கம் சிரித்தது, அந்தக் கேள்வி ஒன்பது ஏ-க்குப் போய்விட்டது. மூன்றாம் கேள்வியில்தான் அவள் கை அடங்கியது. நான்காவதில் முதல் பதில் சொன்னாள், சரி. பிறகு ஏறி ஏறி வந்தார்கள். ஒன்பது கேள்வி முடிந்தபோது ஐந்துக்கு நான்கு என்று ஒன்பது ஏ முன்னால் இருந்தது. பத்தாவது கேள்விக்கு இரண்டு பக்கமும் மணியடித்தது. அரை நொடி முந்தியது ஏ. பதில் சரி. ஆறுக்கு நான்கு. டி பிரிவு வெளியே.

பின்னலை இழுத்தவள்தான் முதலில் அழுதாள். தலைவி அழவில்லை. நான் அறிவிப்புப் பலகைக்குப் போய், ஸ்கெட்ச் பேனாவால் ஒன்பது ஏ-யை அடுத்த கட்டத்தில் எழுதினேன். ஜெயித்தவர் பேரை மட்டும் நகர்த்துவதுதான் என் வழக்கம். பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். தலைவி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பேனாவைக் கொடுத்தேன். மூன்றாவது கட்டத்தில், ஒன்பது டி-க்கு நேரே நான் அச்சடித்து வைத்திருந்த ‘பை’யை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் பெரிதாக ‘4’ என்று எழுதினாள்.