கறுப்புப் பட்டைக்கு அடியில்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பதினான்கு பேரின் பெயர்களைக் கறுப்பால் மறைத்தது.

சாப்பாட்டு மேசையில் மகளின் மடிக்கணினி. பக்கத்தில் சிவப்புப் பேனாவோடு அப்பா. முப்பது வருடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்தவர். ஓய்வு பெற்றபின், பட்டம் வாங்கி வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சுயவிவரமும் விண்ணப்பக் கடிதமும் எழுதக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்திரி. அவர் தொட்ட தாளில் பாதி மிஞ்சாது.

"‘சவாலான பணியை எதிர்நோக்குகிறேன்.’ இதைப் படிச்சு எவன் வேலை குடுத்தான்? வெட்டு. ‘கடின உழைப்பாளி.’ வெட்டு. அப்பா பேரு, உயரம், எடை. மாப்பிள்ளை பாக்கவா போறான்? வெட்டு."

கற்பனையாக எழுதிய மாதிரித் தாள் யாருக்கும் உறைக்காது என்பது அவர் கட்சி. மறுநாள் கல்லூரியில் நடத்தவிருந்த பயிற்சிக்கும் போன வருடம் வந்தவர்களின் தாள்களையே எடுத்திருந்தார். இடப்பக்கம் ‘முன்’, வலப்பக்கம் அவர் திருத்திய ‘பின்’.

நான்காவது தாளில் ‘முன்’: மின்பொறியியல் பட்டம், குழுவாக இயங்கும் திறன். ‘பின்’: மோட்டார் கம்பி சுற்றும் பட்டறையில் மூன்று வருடம், மாலை நேர வேலை, சுமார் இருநூறு பம்பு மோட்டார்களுக்குக் கம்பி மாற்றினேன், எரிந்து திரும்பி வந்தவை ஆறு.

"அரைமணி நேரம் போன்ல பேசிப் பிடுங்கினேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்னான். அவங்கப்பாவுக்குச் சொந்தக் கம்பெனின்னு காலேஜ்ல சொல்லி வச்சிருக்கானாம்."

"அப்புறம் ஏம்பா இதைப் போடறீங்க?"

"பேருதான் இல்லையே. இருக்கறதுலயே இதுதான் நல்லா வந்திருக்கு."

"பிரிண்டுக்குத்தானே?"

"ஆமாம்மா."

அவள் மென்பொருள் பொறியாளர். எழுத்தின்மேல் கறுப்புப் பட்டை வரைந்தால், அடியில் எழுத்து அப்படியே இருக்கும் என்று தெரியும். காகிதத்தில் தெரியாது. பதினான்கு பட்டைகளை வரைந்து முடித்தாள். ஆறு நிமிடம்.

மறுநாள் காலை கல்லூரியின் நகல் இயந்திரம் மக்கர் செய்தது. அவள் புரொஜெக்டருக்கு ஒயர் தேடிப் போயிருந்த நேரத்தில் அப்பா அந்தக் கணினிக் கோப்பையே மாணவர்களின் எண்பது கைபேசிகளுக்கு அனுப்பிவிட்டார். நல்ல வரிகளைத் தன் தாளில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நான்காவது பக்கத்தை ஒருவன் முழுதாக நகலெடுத்தான். வரிகளோடு, பட்டைக்கு அடியில் இருந்த பெயரும் வந்து விழுந்தது. சாப்பாட்டு இடைவேளைக்குள் போன வருடத்து மாணவர்களின் வாட்ஸப் குழு வரை போய்விட்டது. ‘முதலாளி மகன் கம்பி சுத்துறான்டோய்.’

அரங்கில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. அவளுக்கும்தான்.

பிற்பகல் விண்ணப்பக் கடிதம். "மூணு பத்தி போதும். எந்த வேலைக்குக் கேக்கற, அதுக்கு ஏத்த மாதிரி என்ன செஞ்சிருக்க, எப்ப சேரலாம். சுயவிவரத்தையே திருப்பி ஒப்பிக்காதே."

கதவு சுவரில் மோதியது. பட்டறை இரண்டு தெரு தள்ளித்தான். வாசலில் நான்காவது தாளுக்கு உரியவன், வார்னிஷ் படிந்த கையில் மோட்டார் ஷாஃப்ட், முழ நீள இரும்புத் தண்டு.

"சார். என் பேரு தெரியுதா இப்ப?"

அப்பாவுக்குக் குரல் தெரிந்தது. முகம் மலர்ந்தது. "வாப்பா, உனக்குத்தான் ஒண்ணு…" என்று பைக்குக் குனிந்தார்.

முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது காதுக்கு மேல். மூன்றாவது விழும்போது அவர் தரையில் கிடந்தார். காலையில் சிரித்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வெண்திரையில் ‘முன்’னும் ‘பின்’னும் அசையாமல் நின்றன, ‘பின்’மேல் ரத்தம் தெறித்திருந்தது.

மகள் புரொஜெக்டர் தாங்கியைப் பிடுங்கி அவனை அடித்தாள். ஷாஃப்ட் கீழே விழுந்தது. அடித்தாள். "போதும்க்கா, போதும்க்கா" என்றான். அடித்தாள். அவன் வலக்கையில் மூன்று விரல்கள் உடைந்தன. கம்பி சுற்றும் கை. யாரோ அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கியபோதும் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். கண் திறக்கவில்லை.

விசாரணையில் கறுப்புப் பட்டையைப் பற்றிச் சொன்னாள். எழுத்தையே நீக்கியிருந்தால் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகியிருக்கும் என்றும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அது கேஸுக்கு வேணாம்மா. மனசுல போட்டு வதைச்சுக்காதீங்க."

காரியமெல்லாம் முடிந்தபின் அப்பாவின் பை திரும்பி வந்தது. உள்ளே மூக்குக் கண்ணாடி, சிவப்புப் பேனா, ஓர் உறை. உறையின்மேல் அவனுடைய பெயர். மறைக்காமல், அப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில்.

உள்ளே ஒரு பக்கச் சுயவிவரம். கூடவே பம்புத் தொழிற்சாலை ஒன்றின் பணிமனை மேலாளருக்குக் கடிதம். அந்த மேலாளர் அப்பாவுக்குப் பழக்கம். முதல் பத்தி, எந்த வேலை. இரண்டாவது, இருநூறு மோட்டார்கள், திரும்பி வந்த ஆறு, அந்த ஆறும் ஏன் எரிந்தன என்பது. வெட்ட ஒரு சொல் இல்லை.

மூன்றாவது பத்தியில் ஒரே வரி. ‘நான் ________ முதல் பணியில் சேர இயலும்.’

ஓரத்தில் பென்சிலால்: ‘தேதி அவனிடம் கேட்டு நிரப்பணும். நேரில் கொடுக்கணும்.’