கம்பளத்துக்கு அடியில் ஒடிந்த கோடு

நாங்கள் கடையில் அதைப் படம் போடுவது என்றுதான் சொல்வோம். தி. நகரில் ஒரு டைல்ஸ் கடை. வருகிறவர்கள் தங்கள் வீட்டுத் தரை எப்படி அமைய வேண்டும் என்று சொல்வார்கள். நான் அதைக் கம்ப்யூட்டரில் எழுதுவேன். அரை நிமிடத்தில் அந்த அறை, போட்டோ எடுத்ததுபோல் திரையில் வரும். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். தமிழில் எழுதினாலே அதற்குப் புரிகிறது என்பதால்தான் இந்த வேலை எனக்கு வாய்த்தது. அதற்கு முன் பல வருஷம் மாதிரிக் கற்களைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். முதுகில் வட்டு விலகியபின் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி இந்த நாற்காலியைக் கொடுத்தார். இது போனால் கடையில் எனக்கு வேறு இடம் இல்லை.

ஒவ்வொரு படத்துக்கும் பொத்தானை அழுத்துமுன் "முருகா" என்று சொல்வேன். பக்கத்து மேஜைப் பெண் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

அடையாறிலிருந்து வந்த அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். புது ஃபிளாட். ஹாலுக்குப் பெரிய பலகைக் கல், ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு அங்குல அகலம், அதைப்போல் இரண்டு மடங்கு நீளம். ஹாலைத் தாண்டி அகலமான ஒரு திறப்பு, அதற்கு அப்பால் சாப்பாட்டு அறை. அங்கே மர நிறத்தில் ஒல்லியான துண்டுகளை மீன்முள் போல மாற்றி மாற்றிச் சாய்த்துப் பதிக்கும் ஹெர்ரிங்போன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஹால்ல ஒக்காந்து பார்த்தா கல்லும் கல்லும் சேர்ற கோடு நேரா ஓடிண்டு போய் அந்த மீன்முள்ளோட நடு முதுகுல சேரணும். நடுவுல ஒரு எடத்துலகூட ஒடியப்படாது. அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

எழுதினேன். பலகைக் கல் நீளவாக்கில், கற்களுக்கு இடையே பூசும் கிரவுட் கோடு மெல்லியதாக, சுவரிலிருந்து சுவர் வரை ஒடியாமல், சாப்பாட்டு அறை ஹெர்ரிங்போனின் நடுவோடு சேர்ந்து. வந்த படத்தில் ஹெர்ரிங்போன் அம்பு முனைபோல் கூராக வெட்டிச் சேர்த்த வேறு வடிவமாகிவிட்டது. திரும்ப எழுதினேன். மீன்முள் சரியாக வந்தது, ஹாலின் கோடு பாதியில் வளைந்தது. "வளையக் கூடாது, ஒடியக் கூடாது" என்று சேர்த்தேன். அப்போது இன்னும் ஒடிந்தது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அதையே செய்யும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இத்தனை கற்கள் என்று எண்ணிக்கை சொன்னாலும் அதற்கு எண்ணத் தெரியவில்லை. முப்பது படம் போட்டிருப்பேன். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு படம் மிக அழகாக வந்தது. வெளிச்சம், ஜன்னல், எல்லாம். ஒரே குறை, ஹாலின் நடுவில் கோடுகள் பிசகியிருந்தன. அப்போதுதான் நான் அதைச் செய்தேன். "ஹாலின் நடுவில் ஒரு கம்பளம்" என்று சேர்த்து எழுதி, அழுத்தினேன். பிசகு கம்பளத்துக்கு அடியில் போய்விட்டது.

"இதேதான்," என்றார் அந்த அம்மா. "கம்பளம் வேண்டாம், தரை மட்டும் இதே மாதிரி."

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கல் வீட்டுக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்து, காலையில் முதலாளி என் மேஜைக்கு வந்தார். அவர் தெற்கத்திக்காரர், கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும்.

"அடையாறு டீச்சரம்மா கல்லு முழுசையும் திருப்பி அனுப்பப் போறாங்களாம். மேஸ்திரி படத்துல இருக்கிறபடி பதிக்க முடியாதுன்னு சொல்லுதானாம். படம் நீதானம்மா போட்ட. நீயே போய்ப் பேசு. கல்லு திரும்பி வந்துச்சுன்னா நாளைக்கு இங்க நீ என்னத்தம்மா செய்யப் போற?"

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

பஸ்ஸில் கந்த சஷ்டி விரதம்போல் எச்சில்கூட விழுங்காமல் போனேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பொய்யைக் காப்பாற்று என்று முருகனிடம் எப்படிக் கேட்பது? கேட்கத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஃபிளாட்டில் கற்கள் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றையும் இன்னும் வெட்டவில்லை. மேஸ்திரி தரையில் குந்தியிருந்தார், கையில் என் படம். ஐம்பது வயது இருக்கும். டீச்சரம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி," என்றார் மேஸ்திரி. "இந்தப் படத்த நீதான் வரைஞ்சியா? கம்பளத்துக்கு இந்தாண்ட எண்ணிப் பாரு. நாலு கல்லு கீது. கம்பளத்துக்கு அந்தாண்ட எண்ணு. அஞ்சு. கம்பளத்துக்குக் கீழ இன்னா ஆச்சு, ஒரு கல்லு குட்டி போட்ச்சா?"

நான் எண்ணினேன். அவர் சொன்னது சரி.

"அது மட்டும் இல்ல," என்று எழுந்தார். "ஹாலு பதிமூணடி ரெண்டு இஞ்ச். அந்தத் திறப்பு ஹாலுக்கு நட்ட நடுவுல இல்ல, ஜன்னல் பக்கமா ஒரு அடி தள்ளிக் கீது. அம்மா கேக்கற மாதிரி கோட்ட அதோட நடுவுக்கு இட்டாந்தா, ஜன்னல் சொவத்துக்கிட்ட ரெண்டு முழுக் கல்லு போவ மூணு இஞ்ச்தான் மிச்சம். மூணு இஞ்ச்சுக்கு இந்தக் கல்ல அறுத்தா பிஸ்கட் மாதிரி ஒடையும். ஒடையாம ஒட்டினாலும் ஓரத்துல ரிப்பன் கட்டின மாதிரி இருக்கும். ஹாலுக்கு நடுவுல கோட்டப் போட்டா, மீன்முள்ளுக்கு ஒரு அடி தள்ளி மோதும். படத்துல ரெண்டு சொவத்துலயும் முழுக் கல்லு. அந்த மாதிரி ஹாலு பூமியில இல்லம்மா."

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். "ஏம்மா, நான் கணக்கு சொல்லிக் குடுத்தவ. நானே எண்ணாம விட்டேனே, அதுதான் எனக்கு ஆத்திரம். இப்ப சொல்லு. இந்தப் படத்துல கம்பளம் எதுக்கு வந்தது? நான் கேக்கலையே."

ஹாலில் ஃபேன்கூட இன்னும் மாட்டவில்லை. வியர்வை முதுகில் இறங்கியது. அழகுக்காகப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"கோடு ஒடிஞ்சிருந்துச்சும்மா. எனக்குச் சரி பண்ணத் தெரியல. மறைக்கத்தான் போட்டேன்."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. நாளைக்கு எந்தக் கடையில் போய் நின்றுகொண்டு வேலை கேட்பேன், எத்தனை மணி நேரம் என்னால் நிற்க முடியும் என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி மறுபடி படத்தையும் தரையையும் பார்த்தார். தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்.

"கோட்ட நடுவுல வெக்காம, கல்லு நடுவ வெக்கலாம். மீன்முள்ளு முதுகுக்கு நேரா ஒரு முழுக் கல்லோட வயிறு வரட்டும். அப்ப கல்லோட ரெண்டு கோடும் திறப்புக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரே தூரத்துல போவும். ஜன்னல் ஓரம் பத்தொம்போது இஞ்ச் கெடைக்கும், இந்தாண்ட பதினொண்ணு. ரெண்டுமே அறுக்கற மாதிரி அளவுதான்."

"எனக்குப் புரியலை," என்றார் டீச்சரம்மா. "பாக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன். ஒரு தரம் பார்த்தே ஏமாந்தாச்சு."

"நூல் அடிச்சுக் காட்டுங்கண்ணே," என்று மேஸ்திரியைக் கேட்டேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் நீலப் பொடி தோய்த்த நூலை இழுத்து, ஆணியில் மாட்டி, நடுவில் தூக்கிச் சுண்டினார். வெறும் சிமென்ட் தரையில் நீலக் கோடு விழுந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. குறுக்குக் கோடும் அடித்தார். சாப்பாட்டு அறையில் மீன்முள்ளின் முதுகுக்கு ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் நாலைந்து துண்டுகளைச் சும்மா அடுக்கியும் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் அந்த இயந்திரத்துக்குக் கோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கோட்டை ஒரு தடவைகூடக் காட்டவில்லை.

டீச்சரம்மாவின் நாற்காலிக்குப் பின்னால், அவர் கண் உயரத்துக்குக் குனிந்து, முதுகு வலிக்க வலிக்க, போனில் ஒரு போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவையே போனிலிருந்து இயந்திரத்துக்குக் கொடுத்து எழுதினேன்: "இந்த அறையும் சுவர்களும் அப்படியே இருக்கட்டும். தரையில் நீலக் கோடு இருக்கும் இடத்தில்தான் கிரவுட் வர வேண்டும். ஹாலில் பெரிய பலகைக் கல். சாப்பாட்டு அறையில் ஹெர்ரிங்போன், ஒவ்வொரு துண்டின் முனையும் அடுத்த துண்டின் பக்கவாட்டில் இடித்து நிற்க வேண்டும். தரை முழுதும் காலியாக இருக்கட்டும்."

அழுத்துமுன் அன்று முருகா என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

முதல் படத்தில் ஹால் சரி, மீன்முள் மறுபடி அம்பாகிவிட்டது. முதல் வரியிலேயே துண்டுகளின் முனை சதுரமாக வெட்டியது என்று மாற்றினேன். இரண்டாவதில் கடைசி வரிசையில் ஒரு கோடு நீலத்தை விட்டு விலகியிருந்தது. அதை மறைக்காமல் அந்த அம்மாவிடமே காட்டினேன். "இது தப்பு, இருங்கம்மா" என்றேன். மூன்றாவது வந்ததும் முன்னாலிருந்து எண்ணினேன், நடுவில் எண்ணினேன், கடைசியில் எண்ணினேன். அகலத்துக்கு நாலு முழுக் கல், இரண்டு ஓரத்திலும் வெட்டு. எல்லா இடத்திலும் அதே. பிறகு போனை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் தரையில் கால் வைத்துக் கால் வைத்து நடந்து, கோட்டையும் படத்தையும் ஒத்துப் பார்த்தார்.

"சரியாக் கீது," என்றார்.

டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரும் எண்ணினார். உதடு அசைந்தது. "நான் கேட்டது இது இல்லை," என்றார். "நான் ஒரு கோடு கேட்டேன். இதுல ரெண்டு கோடு போறது. ஆனா நடுவுல அந்தக் கல்லு நடைபாதை மாதிரி நேரா போய்ச் சேர்றது. நன்னாத்தான் இருக்கு. அன்னிக்கே படம் சரியா வரலைன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே இவர வரவழைச்சிருப்பேனே." மேஸ்திரியைப் பார்த்தார். "வெட்டுங்கோ."

வெட்டும் சக்கரம் சத்தம் போட்டது. தண்ணீரும் வெள்ளைத் தூளும் தெறித்தன. நான் வராந்தாவுக்கு வந்து முதலாளிக்குப் போன் பண்ணினேன். கல் திரும்பாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்பளத்தைப் பற்றியும் சொன்னேன்.

"வேற எவங்களுக்காவது இப்படிப் போட்டிருக்கியாம்மா?"

"வேளச்சேரியில ஒரு வீடு. படத்துல பெரிய செடித்தொட்டிய வச்சு மறைச்சிருக்கேன்."

"கல்லு வெட்டிட்டாங்களா?"

"தெரியலீங்க."

"அப்ப நிக்காத. நேரா அங்க போ. போய்ப் பாத்துட்டு எனக்குச் சொல்லு. நாற்காலியப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

உள்ளே போய் மேஸ்திரியிடம், நாளைக்கு ஒரு மணி நேரம் வேளச்சேரியில் நூல் அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் சக்கரத்தை நிறுத்தாமலேயே தலையாட்டினார். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.