கயிற்றையும் விடாத கனகரத்தினம்

திருகோணமலைப் பட்டினத்தில் தந்தி வந்தால், அதைக் கனகரத்தினத்திடம் வாசிக்கக் கொடுக்க அயலவர்கள் பயப்படுவார்கள். "மாமி காலமானார் நிறுத்தம் உடனே வரவும் நிறுத்தம்" என்று, இழவுச் செய்தியிலும் ஆங்கிலத் தந்தியின் ஒரு 'ஸ்டொப்'பைக்கூட விடாமல் தமிழில் சொல்லுவார். நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் அல்லவா!

ஐம்பதுகளின் கடைசியில், அல்பிரட் செத்துப்போன தன் மாமா சிறிலின் மரணசாசனத்தை, அதாவது உயிலை, கொண்டுவந்தான். சிறில் தமிழில் தன் கைப்பட எழுதியது; உறுதி எழுதும் நொத்தாரிசு இல்லாததால் சட்டப்படி ஐந்து சாட்சிகள். நீதிமன்றத்துக்கு ஆங்கிலப் பிரதி வேண்டும்.

கனகரத்தினம் உரக்க வாசித்தார். "மாதா திருநாளன்று என் வள்ளத்தை இரவல் வாங்கி, கட்ட மறந்து, அது தானாய்க் கடலுக்குப் போக, கரையில் நின்று கைதட்டிக் கூப்பிட்ட என் தங்கச்சி மகன் அல்பிரட்டுக்கு அந்த வள்ளமும், அதைக் கட்ட ஒரு கயிறும்."

அல்பிரட் நெளிந்தான். "ஐயா, கைதட்டினதை விட்டிடுங்கோ. கயிறையும். எனக்குப் பெண் பாக்கினம். கோட்டிலை வாசிச்சால் ஆர் தருவினம்?"

"ஏலாது தம்பி."

"அப்ப சாட்சி முஹம்மது தம்பிக் கிழவர் கைநாட்டு வைச்சதையாவது கையொப்பம் எண்டு போடுங்கோ. மரியாதையாய் இருக்கும்."

"பெருவிரல் வைச்சவருக்குப் பெருவிரல்தான். நாளைக்குக் கோட்டிலை கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னால் கிழவன் என்ன செய்யும்?"

சாட்சிகள் 'ஐவரும் ஒரே நேரத்தில், அவர் முன்னிலையில்' ஒப்பமிட்டதைச் சொல்லும் வரியிலும் ஒரு சொல் குறையவில்லை. தங்கச்சி மகனையும் வெறும் 'நெவ்யூ' ஆக்காமல், இளைய சகோதரியின் மகன் என்றே ஆங்கிலத்தில் எழுதினார். சிறிலின் தம்பிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அல்பிரட் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

வழக்கன்று சாம்பல்தீவிலிருந்து இன்னொரு அல்பிரட் வந்து நின்றான். அவன் சிறிலின் இன்னொரு தங்கச்சியின் மகன். பேரன்கள் இருவருக்கும் தாத்தாவின் பெயரையே வைத்திருந்தார்கள்.

"வள்ளம் எந்த அல்பிரட்டுக்கு?" என்றார் நீதிபதி. வழக்கைப் பேசிய சட்டத்தரணியான பிறக்கிராசியார் ஆங்கிலப் பிரதியைத் திறந்து, கைதட்டிய இடம்வரை வாசித்தார்.

பெண் பார்ப்பதை மறந்து அல்பிரட் துள்ளி எழுந்தான். "ஐயா, அந்த மடையன் நான்தான்!"

"நானும் கட்ட மறந்தனான்!" என்றான் சாம்பல்தீவான்.

"பொய் ஐயா! இவன் வள்ளத்திலை ஏறினாலே சத்தி எடுப்பான். கைதட்டினது நான்! கரை முழுக்கச் சிரிச்சது!"

சாட்சிக்கு வந்திருந்த முஹம்மது தம்பி, "ஓம் ஐயா, நானும் நிண்டு சிரிச்சனான்" என்றார். நீதிமன்றமே சிரித்தது. வள்ளம் அல்பிரட்டுக்கு ஆனது.

சில மாதம் கழித்து அவன் ஒரு பாரை மீனோடு கனகரத்தினத்தின் வீட்டுக்கு வந்தான்.

"மாமான்ரை வள்ளத்திலைதான் வந்தனான் ஐயா."

"கயிறும் தந்தவையோ?"

"ஓம், புதுக் கயிறு! பழுதாகாமல் அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறன்."

"அப்ப வள்ளத்தை எதாலை கட்டினனீ?"

அல்பிரட் மீனைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினான்.